g பூஜ்ஜியமாக இருந்தால்

என் வீட்டுக்காரருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஜீரோ சார். கறாராக மதிப்பெண் போடுவார் என்பதால் வந்த பெயர் இல்லை. அவர் மதிப்பெண்ணை அள்ளித்தான் போடுவார். எந்த நிரூபணத்தை நடத்தினாலும் பாதியில் சாக்பீஸை நிறுத்திவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்து, அது பூஜ்ஜியமாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். எதையாவது எதாலாவது வகுத்துவிட்டால் போதும், மனிதருக்கு மூக்கு வேர்த்துவிடும். பையன்கள் கடைசி பெஞ்சிலிருந்து, அவர் கேட்பதற்கு முன்பே "ஜீரோவா இருந்தா?" என்று கோரஸ் பாடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

நான் அவரோடு முதன்முதலில் சண்டை போட்டதும் இந்தப் பூஜ்ஜியத்தை வைத்துத்தான். ஆவடிப் பக்கம் ஒரு சின்ன தனியார் கலைக் கல்லூரி. இரண்டு பேரும் அங்கே தற்காலிக விரிவுரையாளர்கள். அவர் எனக்கு முன்பே சேர்ந்தவர், வயதிலும் சில வருடம் மூத்தவர். நான் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இன்டெக்ரல் என்கிற தொகையீடுகளைப் பற்றிய ஒரு பிரபலமான அசமன்பாடு. அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் பெயர்களை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். எந்தப் பெயர் முன்னால், எது பின்னால் என்று எனக்கு எப்போதும் குழப்பம். விஷயம் என்னவோ எளிமைதான். f, g என்று இரண்டு தொடர்ச்சியான சார்புகள். இரண்டையும் பெருக்கி, தொகையிட்டு, வந்ததை வர்க்கம் செய்யுங்கள். இன்னொரு பக்கம் ஒவ்வொன்றையும் தனியாக வர்க்கம் செய்து, தொகையிட்டு, அந்த இரண்டு விடைகளையும் பெருக்குங்கள். முதலில் வந்தது இரண்டாவதை ஒருநாளும் தாண்டாது.

(∫fg)² ≤ ∫f² · ∫g²

இதற்கு நிரூபணம் நான்கைந்து வரிதான். t என்று ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். f + tg என்பதை வர்க்கம் செய்தால் எந்த இடத்திலும் எதிர்மறை ஆகாது, ஆகவே அதன் தொகையீடும் எதிர்மறை ஆகாது. அதை விரித்தால் ∫f² + 2t∫fg + t²∫g² ≥ 0. இது t-யில் ஒரு இருபடிக் கோவை, குவாட்ராடிக். எந்த t-க்கும் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்காததால் அதன் தன்மைகாட்டி, அதாவது டிஸ்கிரிமினன்ட், நேர்மறையாக இருக்க முடியாது. முடிந்தது, அவ்வளவுதான் என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

என் மேசையைத் தாண்டிப் போனவர் நின்று, தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு, "மேடம், g ஜீரோவா இருந்தா அது குவாட்ராடிக்கே இல்லையே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. g பூஜ்ஜியம் என்றால் t² போய்விடும்தான், ஆனால் அப்போது இரண்டு பக்கமும் பூஜ்ஜியம், அதை ஒரு குழந்தைகூடச் சொல்லும் என்றேன். அப்படியானால் அந்தக் குழந்தை சொல்வதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் எழுதினேன். எழுதியதும் அந்த நிரூபணம் முழுசாக இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அடுத்த வருடம் அவரையே கல்யாணம் செய்துகொண்டேன்.

கொரட்டூரில், ஸ்டேஷனுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு தெருவில், மாடியில் குடியிருந்தோம். அவருடைய அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், லேத் ஓட்டியவர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர். என் வீடு மாங்காட்டில் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு அண்ணன்கள் ஆளுக்கொரு வியாபாரம் செய்தார்கள். கணக்கு வாத்தியாரை அவர்களுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பர்மனென்ட் வேலையா என்று ஒவ்வொரு விசேஷத்திலும் அவரிடமே கேட்பார்கள். ஆகிடும் என்பார். வருடா வருடம் ஆகிடும் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் நசரத்பேட்டை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கல்லூரி நடத்தும் ஓர் அறக்கட்டளை, கணிதத்துக்கு நிரந்தர விரிவுரையாளர் தேவை என்று அறிவிப்பு வெளியிட்டது. இடம் ஒன்றே ஒன்று. சிபாரிசெல்லாம் கிடையாது, அரசுத் தேர்வு மாதிரியே எழுத்துத் தேர்வு, விடைப் பட்டியலைக்கூட வெளியிடுவோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். வயது வரம்பும் இருந்தது. அடுத்த முறை அறிவிப்பு வந்தால் அவர் அதைத் தாண்டியிருப்பார். அதனால் இது அவருக்குக் கடைசி வண்டி. நானும் விண்ணப்பித்தேன். அவர்தான் போடச் சொன்னார், துணைக்கு வந்த மாதிரியும் இருக்கும் என்று. கேட்டால் சிரிப்பீர்கள், தனியாகத் தேர்வு எழுதப் போக அவருக்குப் பயம்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முடிந்து வெளியே வந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். அங்கே டீக்கடையில் கேள்வித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எங்களைப் போன்றவர்கள் தேர்வு எழுதினால் அன்றைக்கு அதைப் பேசித் தீர்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். பாதி கேள்வித்தாளுக்கு மேல் வந்தபோது அந்த அசமன்பாடு இருந்தது. இடது பக்கமும் வலது பக்கமும் சமமாக இருக்கும், எப்போது, எப்போது மட்டும்? விடை ஏ: ஏதாவது ஒரு மாறிலி c-க்கு f = cg. விடை பி: f = g. விடை சி: இரண்டில் ஒன்றாவது பூஜ்ஜியமல்லாத மாறிலிகள் a, b இருந்து af + bg = 0. விடை டி: f, g இரண்டும் மாறிலிகள்.

நான் ஏ போட்டிருந்தேன். எல்லா கைடிலும் அப்படித்தான் இருக்கும்; கை தானாகப் போய்விட்டது. அவர் சி போட்டிருந்தார்.

"இன்னாமே, நீயே இப்டி போட்டா?" என்றார் சிரித்துக்கொண்டே. "f-ஐ x-ன்னு வெச்சிக்கோ. g-ஐ ஜீரோன்னு வெச்சிக்கோ. ரெண்டு பக்கமும் ஜீரோ, சமம்தானே? இப்ப x-ஐ ஜீரோவோட மல்டிபிளா எழுதிக் காட்டு பாப்போம்."

எழுத முடியாது. பூஜ்ஜியத்தை எந்த மாறிலியால் பெருக்கினாலும் x வராது. சி என்றால் சரியாக வரும்: a-வைப் பூஜ்ஜியமாகவும் b-ஐ ஒன்றாகவும் வைத்தால் af + bg பூஜ்ஜியம். இன்னொன்றும் சொன்னார். அந்த அசமன்பாட்டில் f இருக்கும் இடத்தில் g-யையும் g இருக்கும் இடத்தில் f-ஐயும் மாற்றிப் போட்டால் ஒன்றும் மாறாது. அப்படியிருக்க, மாற்றிப் போட்டால் வேறாகிவிடுகிற ஏ எப்படி அதற்கு விடையாக இருக்கும்? டீ ஆறிப்போனது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு மதிப்பெண் போனது பற்றி வருத்தமே இல்லை. ஆவடியில் என் மேசையைத் தாண்டிப் போன அதே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தச் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

விடைப் பட்டியல் வந்தபோது அந்தக் கேள்விக்கு ஏ என்று இருந்தது. கேள்வி எடுத்தவர் ஒருவராகவும் விடை குறித்தவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். சி என்று ஒரு விடையை அவ்வளவு கவனமாக எழுதியவர் ஏ-யைக் குறிக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை. இதற்குத்தானே ஆட்சேபம் வைத்திருக்கிறார்கள், சொன்னால் திருத்திவிடுவார்கள் என்றார். மற்ற கேள்விகளையும் கூட்டிப் பார்த்தோம். அவர்கள் பட்டியல்படி நான் அவரைவிட ஒன்று கூட. இந்த ஒரு விடையைத் திருத்தினால் எனக்கு ஒன்று குறைந்து அவருக்கு ஒன்று ஏறும், அவர் முந்திவிடுவார். எங்களுக்கு மேலே வேறு யாராவது இருப்பார்களோ என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது. நாங்கள் இருவர் மோதிக்கொள்ளப் போகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்சேபத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட பாடப்புத்தகத்தின் பக்க நகல் இணைக்க வேண்டும்.

புத்தகம் தேடினோம். கைடுகளில் எல்லாம் f = cg. எங்கள் கல்லூரிப் பாடப்புத்தகத்தில் அதுவும் இல்லை, அசமன்பாட்டோடு நிறுத்திவிட்டார்கள். அம்பத்தூரில் பழக்கமான ஒரு பேராசிரியர் வீட்டு அலமாரியைக் குடைந்ததில் தடிமனான பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நிரூபணம் அழகாக இருந்தது. கடைசியில், சமக்குறி எப்போது வரும் என்பது வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது என்று முடித்திருந்தார்கள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் நாங்களே எழுதினோம். சாப்பாட்டு மேசையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். g பூஜ்ஜியமாக இருந்தால் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம், சமக்குறி வந்துவிடுகிறது, f எதுவாகவும் இருக்கலாம். g பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், ∫g² நேர்மறை; t-க்கு −∫fg / ∫g² என்று போட்டால் ∫f² − (∫fg)² / ∫g² ≥ 0 என்று வருகிறது, அதுவே நமக்கு வேண்டிய அசமன்பாடு. அங்கே சமக்குறி வந்தால் ∫(f + tg)² பூஜ்ஜியம்; தொடர்ச்சியான சார்பு ஒன்றின் வர்க்கத்தைத் தொகையிட்டுப் பூஜ்ஜியம் வந்தால் அந்தச் சார்பே பூஜ்ஜியம்; ஆகவே f + tg = 0. இரண்டு நிலையிலும் சி சரி. மறுபக்கமாக, சி சொல்வது உண்மையானால் சமக்குறி வந்தே தீரும் என்பதற்கும் ஒரு வரி. கீழே x-ஐயும் பூஜ்ஜியத்தையும் வைத்து ஏ தவறு என்பதற்கு எடுத்துக்காட்டு. ஒரு பக்கம்கூட நிறையவில்லை. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கூட ஒரு சொல்லும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்றார்.

அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு பேருமே போனோம். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புக்கு பேஜ் எங்க சார்?" என்றார்.

இதுவே நிரூபணம், இதைக் கணிதம் தெரிந்த யாரிடம் காட்டினாலும் ஒத்துக்கொள்வார்கள் என்று இவர் சொன்னார்.

"நீங்க சொல்றது கரெக்டா கூட இருக்கலாம் சார். ஆனா இது நீங்களா எழுதினது. பிரின்ட்ல இருந்தாதான் ஆதாரம்."

இவர் விளக்க ஆரம்பித்தார். f-ஐ x-ன்னு வெச்சிக்கோங்க என்று, டீக்கடையில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். கவுன்டர்க்காரர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கையில் கைடின் பக்க நகல்கள் இருந்தன. அவற்றில் எத்தனை தப்போ, யார் கண்டது, ஆனால் எல்லாம் அச்சில் இருந்தன. ஒரு கட்டத்தில் இவருக்கே புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு, இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று தாளைக் கொடுத்தார். கவுன்டர்க்காரர் வாங்கி ஒரு கோப்பில் வைத்தார். ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் படித்த படிப்பு முழுக்கச் சொல்லிக் கொடுத்தது. அந்தப் படிப்புக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள், அந்த இடத்திலேயே அது செல்லவில்லை.

ஆதாரம் இணைக்கப்படாத ஆட்சேபங்கள் ஏற்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. முடிவும் வந்தது. எங்களுக்கு மேலே யாரும் இல்லை. முதலில் நான், இரண்டாவது அவர்.

அவர் என்னைப் பார்த்து, முகம் நிறையச் சிரித்து, கை கொடுத்தார். கீழ் வீட்டுக்காரர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

மறுநாள் நான் தெளிவாகச் சொன்னேன். நான் சேர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், இரண்டாவது ஆள் நீங்கள்தான், இடம் உங்களுக்கு வரும். எனக்கு வயது இருக்கிறது, இன்னொரு அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நான் தப்பா எழுதித் தோத்திருந்தா, நீ குடுக்கறத வாங்கிக்குவேன். நான் சரியா எழுதிகீறேன். சரியா எழுதிட்டு, பொண்டாட்டி உட்டுக்குடுத்தா உள்ள போவணுமா?"

பிடிவாதம் என்றேன். வறட்டுக் கௌரவம் என்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த வாரம் முழுக்கச் சண்டை. அவர் மாறவே இல்லை. அவருக்கு என் மேல் ஒரு துளிகூடக் கோபம் கிடையாது, அதுதான் என்னை இன்னும் கொன்றது. கோபித்துக்கொண்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். நீ போய்ச் சேரு, நம்ம ஊட்டுக்குத்தானே வருது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம்ம வீட்டுக்கு வந்தது என்னவோ உண்மைதான். சேர வேண்டிய நாளன்று அவரே என்னை பைக்கில் கொண்டுபோய் அந்த நெடுஞ்சாலைக் கல்லூரியின் வாசலில் இறக்கிவிட்டார். நான் உள்ளே போகும்வரை நின்றிருந்தார். பிறகு ஆவடிக்கு வகுப்பெடுக்கப் போனார்.

ஆவடிக் கல்லூரியில் அடுத்தடுத்த வருடங்களில் கணிதத்துக்கு ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், காமர்ஸ் வேண்டும். ஒரு ஜூன் மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு கல்லூரிகளில் கேட்டார். வயதைப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். டியூஷன் எடுக்கலாமே என்றேன். ஃபார்முலா மட்டும் போதும் சார் என்று கேட்கிற பிள்ளைகளோடு அவரால் முடியவில்லை. கடைசியில் அவர் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெட்டிக் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. லாரி வந்ததா, பெட்டி ஏறியதா என்று பார்க்கிற வேலை. அதையும் ஒழுங்காகத்தான் செய்கிறார். அங்கே அவருக்கு நல்ல பெயர்.

வேலை போனதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறு. அவர் கணக்கை விட்டுவிட்டார். சண்டை போட்டுக்கொண்டு விடவில்லை, யாரிடமும் சொல்லிக்கொண்டும் விடவில்லை. புத்தகங்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின. வகுப்பில் ஒரு பையன் கேட்ட நல்ல கேள்வியை நான் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் எடுப்பேன். முன்பெல்லாம் சோற்றில் கையை வைத்துக்கொண்டே காற்றில் எழுதுவார். இப்போது, அப்புறம் பார்க்கலாம் என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை. சண்டை போட்ட காலத்திலாவது வீட்டில் சத்தம் இருந்தது.

நான் ஒவ்வொரு வருடமும் அந்த அசமன்பாட்டை நடத்துகிறேன். அவர் சொல்லி நான் எழுதிய அதே வரிகள். g பூஜ்ஜியமாக இருந்தால் என்ற வரி வரும்போது கரும்பலகையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். மேடம் யோசிக்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். நான் யோசிப்பதில்லை. அந்தக் கோரஸ் கேட்குமா என்று நின்றுகொண்டிருப்பேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் துறையில் ஆளுக்கொரு பாடப்புத்தகம் எழுத வேண்டும் என்று சொன்னார்கள். அறக்கட்டளையே அச்சிட்டுக் கொடுக்கும். தொகையீடுகள் என்ற தலைப்பு எனக்கு வந்தது. அந்த அசமன்பாட்டுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். நிரூபணம், சமக்குறி எப்போது, x-ம் பூஜ்ஜியமும் எடுத்துக்காட்டு, எல்லாம் அவருடையது. பிழை திருத்தும் தாள் வந்தபோது அவரிடம் நீட்டினேன். உங்கள் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன் என்றேன்.

"அந்தக் காலேஜுக்கு நான் யாரு? வேணாம்மே" என்றார். தாளைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டார்.

முன்னுரையில் நன்றியாவது சொல்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். புத்தகம் என் பெயரில் வந்தது.

இந்த வருடம் எங்கள் கல்லூரியில் இன்னொரு இடம் காலியானது. கேள்வித்தாள் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தேர்வு முடியும்வரை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்பது விதி. விடைப் பட்டியலில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஆதார நூல், பக்க எண் எழுத வேண்டும். முன்பு வந்த ஆட்சேபங்களால் இந்த ஏற்பாடு என்று சொன்னார்கள். எங்கள் தாள் எந்தக் கோப்பில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வியை வைத்தேன், அதே நான்கு விடைகளோடு. சரியான விடை சி. ஆதார நூல் என்ற இடத்துக்கு வந்ததும் என் கை நின்றது. எழுத ஒரு தடையும் இல்லை. அறக்கட்டளை அச்சிட்ட, அங்கீகரிக்கப்பட்ட பாடப்புத்தகம் இருக்கிறது. அதில் அந்தப் பக்கம் இருக்கிறது. அன்றைக்கு அவர் கையில் கொண்டுபோனதற்கும் இதற்கும் ஒரு வரிகூட வித்தியாசம் கிடையாது. அது அவர் சொன்னதால் செல்லவில்லை, இது என் பெயரில் அச்சானதால் செல்லும். என் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதினேன். இவ்வளவு வெட்கத்தோடு நான் ஒரு சரியான விஷயத்தை எழுதியதே இல்லை.

தேர்வு முடிந்தது. விடைப் பட்டியல் வெளியாகி, ஆட்சேபத்துக்கான நாளும் கடந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் நாஷ்டா முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கேள்வித்தாளையும் விடைப் பட்டியலையும் புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தேன். இதைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வியைப் படித்தார். விடையைப் பார்த்தார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு போனார். பூஜ்ஜிய வரியில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது. எத்தனையோ வருடம் கழித்து அவர் ஒரு நிரூபணத்தைப் படிக்கிறார். அவர் ஏதாவது தப்புக் கண்டுபிடிக்க மாட்டாரா, இன்னாமே இப்டி எழுதிகீறே என்று கேட்க மாட்டாரா என்று இருந்தது.

"யாராச்சும் அப்ஜெக்ஷன் போட்டாங்களா?"

இதற்கு யாரும் போடவில்லை என்றேன்.

"போட முடியாது. பேஜ் கீதுல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இந்த வாட்டி சி போட்டவனுக்கு மார்க் வரும்?"

"வரும்."

"செரி" என்றார். புத்தகத்தை மூடி, அட்டையில் என் பெயர் இருந்த இடத்தைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அன்றைக்குக் கம்பெனியில் ஏதோ அவசரச் சரக்கு இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். பைக் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கு வர வேண்டிய ஒரு மதிப்பெண், இத்தனை வருடம் கழித்து, பெயர் தெரியாத யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் எஸ்டேட்டில் பெட்டி எண்ணப் போயிருந்தார்.